லெஃப்ட் ஆன தம்பியும் லெஃப்ட் ஆகாத தவணையும்

தம்பி ஒன்லைன் கோர்ஸை விட்டுவிடுவான் என்பது எங்களுக்கு முன்னாலேயே உடப்புசல்லாவை மூடுபனிக்குத் தெரிந்திருந்தது. வகுப்போ இரவு ஏழு மணிக்கு. சிக்னலோ லயத்துக்கு மேலே தேயிலை மலை உச்சியில். அட்டை காலில் ஏற, பாடம் தலையில் ஏறாமல், இரண்டு மாதத்தில் வாட்ஸ்அப் குழுவிலிருந்து வெளியேறினான்.

"அண்ணே, குரூப்ல லெஃப்ட் ஆகிட்டேன். இனி ஏன் காசு கட்டணும்?"

கட்டுவது அவனில்லை, கொழும்பிலிருக்கும் சித்தப்பா. கட்டணம் 1,20,000 ரூபா. அவருடைய கிரெடிட் கார்டில் இழுத்து, மாதம் 10,000 வீதம் 12 தவணையாக வங்கியில் பிரித்திருந்தார்.

உடனே குடும்ப மாநாடு கூடியது. சிம்மைக் கழற்றி வீசச் சொன்னார் பெரியம்மா. கார்டை முடக்கினால் போதும் என்றார் மாமா. இரண்டுக்கும் தவணை அசையாது. ஏனென்றால் கோர்ஸ் நிறுவனம் முழுப்பணத்தையும் முதல் நாளே வங்கியிடம் வாங்கிவிட்டது. கொழுந்து நிறுத்து லொறி ஏறியாகிவிட்டது. இப்போது நம் கடன் வங்கியோடு மட்டும்தான். கட்டாமல் விட்டால் தாமதக் கட்டணமும் வட்டியும் ஏறும், ‘கிரிப்’ பதிவில் சித்தப்பாவின் பெயர் கறுக்கும். தம்பியின் பெயர் மட்டும் பளிச்சென்றிருக்கும்! நிறுவனத்துக்கே மாதாமாதம் கட்டும் ஏற்பாடாயிருந்தால் வங்கிக் கட்டளையை நிறுத்தலாம். அப்போதும் கையெழுத்திட்ட ஒப்பந்தம் முடிந்துவிடாது.

ஆகவே விண்ணப்பப் படிவத்தைத் தேடினோம். விலகுவதை எழுத்தில் அறிவிக்க வேண்டும், பதிவுக் கட்டணம் திரும்பாது என்று எறும்பெழுத்தில் இருந்தது. தம்பியைத் தேதியிட்டு ஈமெயில் அனுப்பவைத்தேன்: இன்றிலிருந்து விலகுகிறேன், எவ்வளவு கழிப்பீர்கள், மீதியை எப்போது அதே கார்டுக்குத் திருப்புவீர்கள்? போனில் பேசிய பெண்பிள்ளை "பார்ப்போம் தம்பி" என்று இனிமையாகச் சொன்னார். இனிமையைக் கோப்பில் வைக்க முடியாதே! எழுத்தில் பதில் கேட்டோம். வராவிட்டால் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைக்கு எழுதலாம், அதன் தொலைபேசி 1977. வங்கி இழுத்தடித்தால் மத்திய வங்கிக்கு 1935.

பதில் வந்தது. பதிவுக் கட்டணமும் நடந்த வகுப்புகளும் போக 70,000 கார்டுக்குத் திரும்பியது. சித்தப்பா நிம்மதியாகத் தூங்கினார். மறுமாதமும் 10,000 தவணை விழுந்தது!

பலரும் சறுக்குவது இங்கேதான். திரும்பிய பணம் கணக்கில் ஒருபக்கம் வரவாகக் கிடக்கும்; தவணைத் திட்டம் தன்பாட்டில் ஓடும். திட்டத்தை மூடுங்கள் என்று வங்கிக்குத் தனியாக எழுத வேண்டும். எழுதினோம். மூடுவதற்கென்றும் ஒரு கட்டணம் வாங்கிக்கொண்டு மூடினார்கள்.

இந்த மாத ஸ்டேட்மென்டில் தவணை இல்லை. ஆனால், தம்பி வேறொரு கோர்ஸ் விளம்பரத்தைச் சித்தப்பாவுக்கு அனுப்பியிருக்கிறான். சித்தப்பா இப்போது எங்கள் குடும்பக் குழுவிலிருந்து லெஃப்ட்.