பென்சில் அண்ணன்

ஒரகடம் சிப்காட்டில் எந்த லைனை எடுத்தாலும் ஒரு பென்சில் அண்ணன் இருப்பார். சட்டைப் பையில் டெஸ்டர், பக்கத்தில் முனை கடித்த பென்சில். லீவ் லெட்டர், பி.எஃப். பெயர்த் திருத்த மனு, மெமோவுக்கு விளக்கம் என்று எதுவும் ஹெச்.ஆர். மேஜைக்குப் போகும் முன் கேன்டீனில் இவர் சாம்பார் தட்டுக்குப் பக்கத்தில் வந்து விழும். சிவப்பு மையைத் தொடமாட்டார். "சிவப்புன்னா ரிஜெக்‌ஷன் பின்னுப்பா. பையன் லெட்டரை அதுல போடலாமா?"

செய்யாறு பக்கத்து டிரெய்னி ஒருவனுக்கு மெமோ வந்தது: சொல்லாமல் மூன்று நாள் வரவில்லை, 48 மணி நேரத்தில் விளக்கம் தருக. பையன் இரண்டு பக்கம் எழுதி வந்தான். 'தெய்வத்திரு மேலாளர் அவர்களுக்கு' என்று ஆரம்பம். அண்ணன் ஓரத்தில் பொடி எழுத்தில் எழுதினார்: 'மேலாளர் நலமாக இருக்கிறார். மதிப்பிற்குரிய என்றால் போதும்.'

அடுத்துப் பாட்டி மயங்கி விழுந்த கதை பதின்மூன்று வரி. அண்ணன் பொறுமையாகப் படித்து, பதினான்காவது வரியில் பென்சிலை நிறுத்தினார். 'தம்பி, இதுதான் தங்கம். முதல் நாள் விடியற்காலையே சூப்பர்வைசருக்கு போன் செய்திருக்கிறாய். மெமோவின் புகாரே "சொல்லாமல்" என்பதுதான். இதை முதலில் வை. தேதி, நேரம், எந்த ஷிப்ட் எல்லாம் போடு. கால் ஹிஸ்டரி ஸ்கிரீன்ஷாட்டை இணை.' பாட்டிக்கு எதிரே: 'படிக்கும்போது எனக்கே மனசு கஷ்டமாகிவிட்டது. ஆனால் எந்த ஆஸ்பத்திரி, என்றைக்குச் சேர்த்தீர்கள்? டிஸ்சார்ஜ் சம்மரி நகல் வைத்தால் இரண்டு வரி போதும்.'

கடைசிப் பத்தியில் பையன் வீரம் காட்டியிருந்தான்: 'இனி ஒரு நாள் தவறினாலும் என்னை வேலையை விட்டு நீக்க எனக்குச் சம்மதம்.' இதற்கு மட்டும் பென்சில் அழுந்தியது. 'இதை யார் கேட்டது? மெமோவை மறுபடி படி. இந்தக் காகிதம் உன் ஃபைலில் இருக்கும். இன்னொரு நாள் பஸ்ஸை விட்டால் இந்த வரியைத்தான் எடுத்துக் காட்டுவார்கள்.'

"நீங்களே எழுதிக் குடுத்துடுங்கணா."

"எழுதலாம். நாளைக்கு என்கொயரில 'இதுக்கு என்னப்பா அர்த்தம்'னு கேட்டா பதில் சொல்ல வேண்டியது நீதானே? உன் பேச்சு மாதிரியே இருக்கட்டும். ஒரு காப்பில வாங்கினேன்னு கையெழுத்து வாங்கிக்கோ."

ராத்திரி ஹாஸ்டலில் உட்கார்ந்து எழுதியதில் இரண்டு பக்கம் அரைப் பக்கமானது.

அண்ணனிடம் ஒரு தொல்லை உண்டு. பென்சில் கையில் இருந்தால் நிறுத்தத் தெரியாது. மெமோவையும் படித்து, அதன் ஓரத்தில் எழுதிவிட்டார்: 'நல்ல தெளிவான நடை. இரண்டாம் பத்தியில் தேதி மட்டும் ஒரு நாள் தள்ளியிருக்கிறது, ஹாஜரோடு ஒப்பிட்டுப் பார்க்கவும்.' பையன் அதை அழிக்காமல் பதிலோடு பின் அடித்துக் கொடுத்துவிட்டான். இரண்டு நாளில், தேதி திருத்திய மெமோ புதிதாக வந்தது.