மருமகனின் வாக்குமூலம்

அக்காவின் மகன் கணினிப் பாதுகாப்பைத் தானாகப் படித்தவன். கொக்கட்டிச்சோலையில் வீட்டுத் திண்ணையில் இருந்துகொண்டு, நாலு ஜிபி ராம் உள்ள பழைய மடிகணினியில் படித்தான். இப்போது கொழும்பில் எங்காவது ஒரு பாதுகாப்புப் பிரிவில் பயிற்சிக்குச் சேர வேண்டும். அதற்கு லிங்க்ட்இன்னில் தன்னைப் பற்றி ஒரு சுருக்கம் எழுதிக்கொண்டு, வாவியைக் கடந்து என்னிடம் வந்தான். எங்கள் அலுவலகத்துக் கணினிகளைப் பார்ப்பதும், பயிற்சிக்கு வருகிறவர்களின் விண்ணப்பங்களைப் படிப்பதும் என் வேலை. ஆகவே, “மாமா, ஒருக்காப் பாருங்க” என்றான். கூடவே அக்காவும் வந்திருந்தார். பிள்ளை எழுதியதில் எதையாவது நான் வெட்டிவிடுவேனோ என்ற பயம்.

முதல் பந்தியிலேயே முழுப்பெயர், தகப்பன் பெயர், பிறந்த திகதி, அடையாள அட்டை இலக்கம், சாதாரண தரப் பெறுபேறு எல்லாம் இருந்தன. கிராம சேவகரின் ஒப்பம் ஒன்றுதான் இல்லை. அந்தப் பந்தி அக்காவின் கைவண்ணம். “நான் சொல்லித்தான் போட்டவன். பெயரும் நம்பரும் இல்லாட்டி ஆரெண்டு தெரியும்?” என்றார். அடையாள அட்டை இலக்கத்தில் பிறந்த வருடமும், பிறந்தது அந்த வருடத்தின் எத்தனையாவது நாள் என்பதும் இருக்கின்றன. பெண்ணாக இருந்தால் அந்த நாளோடு 500 கூட்டியிருப்பார்கள். பிறந்த திகதி கேட்டு ஆளை உறுதிசெய்கிற இடங்கள் நம் நாட்டில் ஏராளம். மற்றவர்களின் தகவலைக் காப்பாற்றும் வேலைக்கு ஆள் தேடுகிறவர், தன் தகவலையே சந்தியில் ஒட்டி வைத்தவனை எப்படி எடுப்பார்?

இரண்டாம் பந்தியில்தான் எனக்கு வியர்த்தது. உள்ளூர்க் கடை ஒன்றின் இணையத்தளத்தில், கடவுச்சொல் கேட்கிற பெட்டிக்குள் `' OR '1'='1` என்று தட்டி உள்ளே போனானாம். பெட்டிக்குள் எழுதியதைத் தளம் அப்படியே தரவுத்தளத்திடம் கொடுத்தால், கேள்வி “கடவுச்சொல் சரியா, அல்லது ஒன்றும் ஒன்றும் சமமா?” என்று மாறிவிடும். ஒன்றும் ஒன்றும் என்றைக்கும் சமம்தான், கதவு திறந்துவிடும். வித்தை சரி, செய்த இடம்தான் பிழை. 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டத்தின் 3ஆம் பிரிவுப்படி, அனுமதியில்லை என்று தெரிந்துகொண்டே இப்படி நுழைவது குற்றம். ஐந்து வருடம் வரை சிறை, ஒரு லட்சம் ரூபாய் வரை தண்டம், அல்லது இரண்டும். பொலிஸ் பாடுபட்டு வாங்கும் வாக்குமூலத்தை இவன் ஆங்கிலத்தில், சிரித்த முகப் படத்தோடு, கேட்காமலே கொடுத்திருக்கிறான்!

“ஒண்டும் களவெடுக்கல்ல மாமா” என்றான். “இவன் கள்ளனைப் பிடிக்கப் படிக்கிறானா, கள்ளனாகப் படிக்கிறானா?” என்று அக்கா இடையில் புகுந்தார். உண்மையில் நேர்முகத்தில் இருப்பவர் கேட்க வேண்டிய கேள்வி அதுதான். அந்தப் பந்தி முழுவதையும் எடுத்தேன். இதே வித்தையைச் செய்து பார்க்கவென்றே போர்ட்ஸ்விக்கர் நிறுவனம் இலவசமாகப் பயிற்சிக் களங்கள் வைத்திருக்கிறது. அங்கே உடைத்ததை எழுதினால் திறமை. கடையில் உடைத்ததை எழுதினால் வழக்கு.

மிச்சமெல்லாம் உரிச்சொற்கள். பேரார்வம், கடின உழைப்பு, அணியோடு இணங்கி நடத்தல். பிறகு ட்ரைஹேக்மி தளத்தில் தான் எத்தனையாவது சதவீதத்தில் நிற்கிறான் என்ற பெருமை. பதிவு செய்துவிட்டு அந்தப் பக்கமே எட்டிப் பார்க்காதவர்களைத் தாண்டுவது பெரிய காரியமில்லை. லிங்க்ட்இன்னில் இந்தச் சுருக்கத்துக்கு 2,600 எழுத்து இடம் உண்டு, அவனும் முழுவதையும் நிரப்பியிருந்தான். ஆனால் திறந்தவுடன் கண்ணுக்குத் தெரிவது முதல் இரண்டு மூன்று வரிதான். மற்றதை வாசிக்கிறவர் தட்டித் திறக்க வேண்டும். தகப்பன் பெயரைப் பார்த்துவிட்டு யார் தட்டுவார்?

“நீ உண்மையாச் செய்த ஒரு வேலையச் சொல்லு” என்றேன். கொஞ்சம் வெட்கப்பட்டான். மடிகணினிக்குள் விர்சுவல்பாக்ஸ் போட்டு, அதற்குள் திரையில்லாத ஒரு உபுண்டு சர்வர் வைத்திருக்கிறான். வெளியே இருந்து அதற்குள் நுழைய, தானே வேண்டுமென்று பிழையான கடவுச்சொல் கொடுத்தான். ஒரு இணைப்புக்கு மூன்று தரம், நாலு இணைப்பு. ஆகப் பன்னிரண்டு. பிறகு சர்வரின் பதிவேட்டில் எத்தனை தோல்வி என்று எண்ணச் சொன்னால், எட்டு என்கிறது.

```
grep -c "Failed password" /var/log/auth.log
```

“மறுகா என்ன செய்தாய்?” என்று கேட்டேன். பதிவேட்டைத் திறந்து வரி வரியாக வாசித்தானாம். ஒவ்வொரு இணைப்புக்கும் இப்படி இரண்டு வரிதான் இருந்தது:

```
Failed password for root from 192.168.56.1 port 50122 ssh2
message repeated 2 times: [ Failed password for root from 192.168.56.1 port 50122 ssh2]
```

ஒரே வரி திரும்பத் திரும்ப வந்தால், உபுண்டுவில் பதிவேடு எழுதுகிற நிரல் இடத்தை மிச்சம் பிடிக்க “மேற்படி இரண்டு தரம்” என்று சுருக்கிவிடுகிறது. எண்ணுகிற கட்டளையோ வரியைத்தான் எண்ணும், வரிக்குள் இருக்கிற இரண்டை எண்ணாது. ஆகவே மூன்று தோல்வி இரண்டாகிறது, பன்னிரண்டு எட்டாகிறது. பிறகு `journalctl -u ssh` கொடுத்து, சுருக்காத பதிவை எடுத்து எண்ணியபோது பன்னிரண்டும் வந்தது.

பத்துத் தரம் தோற்றால் எச்சரிக்கை மணி அடி என்று ஓரிடத்தில் விதி எழுதியிருந்து, கணக்கு எட்டு என்று வந்தால் மணி அடிக்காது. கண்காணிப்பு அறையில் இருக்கிறவருக்கு இது வயிற்றைக் கலக்குகிற விசயம். இவன் அதைத் திண்ணையில் இருந்து கண்டுபிடித்துவிட்டு, எழுதாமல் விட்டிருக்கிறான். ஏனென்றால் அதற்குச் சான்றிதழ் இல்லையாம்!

இருந்து புதிதாக எழுதினோம். ஆங்கிலத்தில் எழுதியதன் சாரம் இது: “என் சர்வரில் பன்னிரண்டு தரம் பிழையான கடவுச்சொல் கொடுத்தேன். பதிவேட்டில் எண்ணினால் எட்டு. காரணத்தைத் தேடிக் கண்டுபிடித்த விதம் கீழே உள்ள இணைப்பில். கண்காணிப்புப் பிரிவில் முதல் பயிற்சி இடம் தேடுகிறேன். நானாகப் படித்தவன், மட்டக்களப்பு; கொழும்புக்கு வந்து தங்கவும் இரவு வேலை செய்யவும் ஆயத்தம். அனுமதியில்லாத எந்தக் கணினியையும் தொடுவதில்லை.” கடைசி வரியை எழுதும் முன், இனி அப்படித்தான் என்று என் முன்னால் வாயால் சொல்ல வைத்தேன். இணைப்பில் ஒரு பக்கக் குறிப்பு: என்ன செய்தேன், என்ன எதிர்பார்த்தேன், என்ன வந்தது, எப்படிச் சரிபார்த்தேன். இரவு மூன்று மணிக்குக் கண்டதை விடியற்காலை வருகிறவருக்கு விளங்க எழுதி வைப்பதுதான் அந்த வேலையில் பாதி. அந்தக் குறிப்பை வாசித்தாலே ஆளின் கை தெரிந்துவிடும்.

ஊர்ப்பெயரில்தான் இழுபறி. முதலில் கொழும்பு என்று போட்டிருந்தான். “நாளைக் காலை ஒன்பது மணிக்கு வா எண்டா என்ன செய்வாய் மனே?” என்றேன். இரவு ரயில் கோட்டைக்குப் போய்ச் சேர விடிந்துவிடும். அதையும் தவறவிட்டால் கதை முடிந்தது. மட்டக்களப்பு என்று இருந்தால் அழைக்கிறவர் இரண்டு நாள் தவணை தருவார், அல்லது திரையிலேயே பேசுவார். அக்காவுக்கோ, தான்தோன்றீஸ்வரர் கோயில் திருவிழாவில் தொண்டு செய்ததைப் போடவில்லை என்ற கவலை. மனிதவளப் பிரிவில் நம்மவர் யாராவது இருந்தால் உதவும் என்று அவருக்கு ஒரு கணக்கு. அதைத் தொண்டுகளுக்கென்று இருக்கிற கட்டத்தில் போட்டு ஆளைச் சமாதானப்படுத்தினேன்.

ஓரிடத்திலிருந்து அழைப்பு வந்தது. திரையில் வந்தவர் பெறுபேற்றைக் கேட்கவில்லை. அந்த எட்டு ஏன் பன்னிரண்டாகவில்லை என்றுதான் முதலில் கேட்டாராம். பயல் கால் மணித்தியாலம் விளக்கியிருக்கிறான். இரண்டாவது கேள்வி, இரவு வேலை உண்மையாகவே சரியா என்பது. அவன் வாய் திறக்குமுன் பக்கத்திலிருந்து அக்கா சொன்னாராம்: “ராவில அவன் எப்ப நித்திரை கொண்டவன்?”