ஜென்டில் ரிமைண்டர் அண்ணன்

அம்பத்தூர் எஸ்டேட்டில் பத்துப் பேர் வேலை பார்க்கும் எந்தப் பட்டறைக்குள் நுழைந்தாலும் அண்ணனைப் பார்க்கலாம். கணக்கு எழுதுவது, ஜிஎஸ்டி கட்டுவது, டீ சொல்லி அனுப்புவது எல்லாம் அவர்தான். ஆனாலும் அவருடைய அசல் உத்தியோகம், பில்லை வாங்கி வைத்துக்கொண்டு மௌன விரதம் இருக்கும் பெரிய கம்பெனிகளைப் பேச வைப்பது.

புதிதாகச் சேர்ந்த பையன் ஒருவன், தவணை முடிந்த மறுநாளே காலையில் ஒரு மெயில், மதியம் ஒரு மெயில் என்று தட்டிவிட்டான். அண்ணன் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். "தம்பி, நாம கேக்குறது நம்ம பணம். ஆனா இதப் படிச்சா கைமாத்து கேக்குற மாதிரி இருக்கு. மூணு நாள் விடு."

அவர் வைத்திருக்கும் தாளம் இதுதான். தவணை தாண்டி மூன்று வேலை நாள் கழித்து முதல் மெயில், அதற்கு ஒரு வாரம் கழித்து இரண்டாவது, பத்து நாள் விட்டு மூன்றாவது, இன்னும் இரண்டு வாரம் பொறுத்து நான்காவது. அதோடு சரி. ஐந்தாவது போனால் நம் பெயரைப் பார்த்ததுமே அவர்களுக்குக் கொட்டாவி வந்துவிடும் என்பார். இடைவெளி ஏன் நீள்கிறது என்று பையன் கேட்டான். முதல் மெயிலுக்கு அதை வாங்குகிற ஆள் தன் திரையைப் பார்த்தால் போதும்; மூன்றாவதற்கு அவர் எழுந்து போய் நாலு பேரைக் கேட்கவேண்டியிருக்கும், அதற்கு அவகாசம் வேண்டாமா?

திங்கட்கிழமை காலை மெயில் அனுப்பமாட்டார். குவியலின் அடியில் போய்விடும். வெள்ளி சாயங்காலமும் கிடையாது; அந்த ஆள் மனசால் ஏற்கெனவே வண்டி ஏறியிருப்பார். எந்தக் கம்பெனி மாதத்தில் எந்தத் தேதியில் பேமென்ட் போடுகிறது என்பது அவர் டைரியில் இருக்கிறது. 25ஆம் தேதி போடுகிறவர்களுக்கு 22ஆம் தேதி மெயில். 26ஆம் தேதி எழுதுவது பஸ் போன பிறகு கைகாட்டுவது.

முதல் மெயில் தேன். 'ஜென்டில் ரிமைண்டர்', 'உங்கள் வேலைப்பளுவில் தவறியிருக்கலாம்' எல்லாம் அதில்தான். பழைய மெயிலுக்கே ரிப்ளை போடுவார். புது மெயில் போட்டால் கதை முதலிலிருந்து தொடங்கும்.

இரண்டாவதில் தேன் பாதி. பில்லை மறுபடி இணைப்பார், ஏனென்றால் தேடச் சொன்னால் யாரும் தேடமாட்டார்கள். முக்கியமாக, ஒரே வரியில் பதில் சொல்லக்கூடிய கேள்வி ஒன்று இருக்கும். போன மாதம் 86,400 ரூபாய் பில் ஒன்று. முதல் மெயிலில் 'தயவுசெய்து பார்க்கவும்' என்றதற்குச் சத்தமே இல்லை. இரண்டாவதில், "சரக்கு வந்ததற்கு ஜிஆர்என் போட்டாகிவிட்டதா?" என்று மட்டும் கேட்டார். பத்து நிமிடத்தில் பதில்: "இல்லை. பில்லில் பிஓ நம்பர் விட்டுப்போயிருக்கிறது." அத்தனை நாள் இதைச் சொல்ல அவர்களுக்கு யாரும் தடை போடவில்லை, கேட்கத்தான் ஆள் இல்லை. அண்ணன் பில்லைத் திருத்தி அன்றைக்கே அனுப்பினார்.

மூன்றாவதில் 'ஜென்டில்' இருக்காது. தேதிகள் மட்டும் வரிசையாக நிற்கும்: சரக்கு சேர்ந்த நாள், பில் நாள், தவணை நாள், முன்பு எழுதிய நாட்கள். மேலாளர் சிசியில் ஏறுவதும் இப்போதுதான். அதற்கு முன்னால் கட்டாயம் ஒரு போன். "சார், உங்க மேனேஜரையும் சேத்து ஒரு மெயில் போடலாம்னு இருக்கேன், தப்பா நினைக்காதீங்க." பாதி பில்கள் இந்தப் போனிலேயே தீர்ந்துவிடும். சொல்லாமல் சிசி போட்டால் பணம் வரலாம், அடுத்த ஆர்டர் வராது.

நான்காவதில் கோபம் துளியும் இருக்காது. பயமே அதுதான். கையெழுத்துக்குக் கீழே பட்டறையின் உதயம் பதிவு எண் புதிதாக முளைத்திருக்கும். சிறு நிறுவனங்களுக்கான 2006ஆம் ஆண்டுச் சட்டப்படி, சரக்கை ஏற்றுக்கொண்ட நாளிலிருந்து 45 நாளுக்கு மேல் தவணை பேசிக்கொள்ள முடியாது, எழுத்தில் ஒப்பந்தமே இல்லையென்றால் 15 நாள்தான், தாண்டினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தின் மூன்று மடங்கில் மாதக் கூட்டுவட்டி என்று இரண்டே வரி. புகார் கொடுப்போம் என்று எழுதமாட்டார். 'எந்தத் தேதியில் எதிர்பார்க்கலாம்?' என்று முடிப்பார்.

'விடுப்பில் இருக்கிறேன்' என்று தானியங்கிப் பதில் வந்தால் நாள் கணக்கு நிற்கும். திரும்பி வந்த இரண்டாம் நாளிலிருந்து மறுபடி ஓடும். அந்த 86,400 ரூபாய் 25ஆம் தேதி ஏறியது. ஒரு மணி நேரத்தில் அண்ணன் நன்றி மெயில் போட்டார், அடுத்த பில்லையும் அதிலேயே இணைத்து, பிஓ நம்பரைத் தடித்த எழுத்தில் போட்டு.

அதற்கு இன்னும் பதில் வரவில்லை.