நாலு கட்டடம் எதற்கு?

தம்பானூர் இந்தியன் காபி ஹவுஸ் பற்றிய என் கட்டுரையில் நாலு வரிக்குள் 'கட்டடம்' நாலு முறை வந்துவிட்டது. மாளிகை, கோபுரம், இல்லம் என்று மாற்றிவிட்டேன். இப்போது அழகுதானே? (ஒரு வாசகர், திருவனந்தபுரம்)

அங்கே கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் கட்டியது ஒன்றுதான். நீங்கள் நாலு கட்டிவிட்டீர்களே! ரயிலை விட்டு இறங்குகிறவர் மாளிகையைத் தேடுவாரா, கோபுரத்தையா?

முதல் வரியில் 'கட்டடம்' இருக்கட்டும். அடுத்த வரியில் வட்டமான செங்கல் சுவரைச் சொல்லுங்கள். மூன்றாவதில் சுழன்று மேலேறும் சரிவுப் பாதை, நாலாவதில் அதன் ஓரமாகவே போட்டிருக்கும் மேசைகள். ஒரே சொல் திரும்ப வராது, வாசகரும் உள்ளே போய் உட்கார்ந்துவிடுவார். எங்கே வேண்டுமோ அங்கே 'அது', 'அங்கே' போதும்; பல இடங்களில் எழுவாயே வேண்டாம், தமிழ் அதைத் தாங்கும். வேறு சொல் தேடுகிற வேகத்தில் 'மேல்தளம்' என்று மட்டும் போட்டுவிடாதீர்கள். படிக்கட்டுக்குப் பதில் சரிவிலேயே ஏறிப்போகிற இடம் அது.

காபி நாலு முறை வந்தால் விட்டுவிடுங்கள். 'பானம்' என்று எழுதினால் டீ கேட்டவரும் கை நீட்டுவார்.