நடுக்கோட்டில் நின்ற பெண்

எங்கள் பள்ளிக்கூடத்து டிராயிங் மாஸ்டருக்கு உலகத்திலேயே பிடித்த பொருள் பூஜாடி. கரும்பலகையில் செங்குத்தாக ஒரு நடுக்கோடு இழுப்பார். இடப்பக்கம் பாதி ஜாடியை வரைவார். "இதே மாதிரி அந்தப் பக்கமும்" என்று சொல்லிவிட்டு நாற்காலியில் சாய்ந்துவிடுவார். லோயர், ஹையர் என்று டிராயிங் பரீட்சைக்குப் போகிறவர்களுக்கு அந்தக் கோடுதான் மூலமந்திரம். ஜாடியை அப்படி வரைந்தோம், தாமரையை அப்படி வரைந்தோம், கடைசியில் மனிதனையும் அப்படியே வரைந்தோம். மூக்கிலிருந்து தொப்புள் வழியாக ஒரு கோடு. இந்தப் பக்கம் ஒரு கை ஒரு கால், அந்தப் பக்கம் ஒரு கை ஒரு கால். எங்கள் நோட்டுகளில் காந்தி, பாரதி, விவசாயி, போலீஸ்காரர் எல்லோருமே அட்டென்ஷனில் நின்றார்கள். போலீஸ்காரருக்கு மட்டும் அது பொருந்தியது.

கையைப் பற்றி மாஸ்டர் சொல்லும் விமர்சனம் ஒன்றே ஒன்று: "கையாடா இது, வெண்டைக்காயா?" சொன்ன கையோடு சிவப்புப் பென்சிலால் படத்தின் மேலேயே ஒரு பெருக்கல் குறி. எந்த விரலில் கோளாறு, ஏன் கோளாறு என்பது அவருக்கும் கடவுளுக்கும் இடையிலான விஷயம். நாங்கள் கண்டுபிடித்த மாற்றுவழி எளிது. காந்தியின் கை மேல்துண்டுக்குள் போனது. பாரதி இரண்டு கைகளையும் பின்னால் கட்டிக்கொண்டார். பெண்களுக்கு முந்தானை இருந்தது.

இப்போது என் அக்கா மகள் டேப்லெட்டில் வரைகிறாள். நடுக்கோடு இழுக்க ஸ்கேல் வேண்டாம். இந்தப் பக்கம் வரைந்தால் அந்தப் பக்கம் தானாக வந்துவிடும். அதற்கு ‘சிமெட்ரி’ என்று ஒரு பொத்தான் இருக்கிறது. மாஸ்டர் பார்த்திருந்தால் ஆனந்தக் கண்ணீர் விட்டிருப்பார். சிவப்புப் பென்சில் விமர்சனமும் ஒழிந்தது. அவள் படம் போட்டால் தோழிகள் "செம", "வேற லெவல்" என்று இதயமாக அனுப்புகிறார்கள். வெண்டைக்காயிலிருந்து நான் எவ்வளவு கற்றேனோ, அவ்வளவு அவளும் அந்த இதயங்களிலிருந்து கற்கிறாள்.

போன மாதம் ஒரு படம் அனுப்பினாள். தெருக்குழாயிலிருந்து இடது இடுப்பில் பிளாஸ்டிக் குடத்தோடு திரும்பும் பெண். "மாமா, கை மட்டும் சரியா வரல. என்ன தப்புன்னு பாத்து சொல்லுங்க."

"குடம் காலியா, நிறைஞ்சிருக்கா?"

"நிறைஞ்சுதான் மாமா. தண்ணி தளும்புது பாருங்க."

தளும்பியது உண்மைதான், துளிகளையெல்லாம் அழகாக வரைந்திருந்தாள். ஆனால் 15 லிட்டர் குடம் என்றால் 15 கிலோ. அதை அந்தப் பெண்ணின் முதுகெலும்புக்கு யாரும் சொல்லவில்லை. தொண்டைக்குழியிலிருந்து நேர்கீழே ஒரு தூக்குக்கோடு போட்டுப் பார்த்தேன். அது இரண்டு பாதங்களுக்கும் சரியாக நடுவில் இறங்கியது. தோள்பட்டைகளை இணைத்து ஒரு கோடு, இடுப்பெலும்புகளை இணைத்து இன்னொரு கோடு; இரண்டும் தரைக்கு இணையாகக் கிடந்தன. அதாவது, பூஜாடி. அந்த நிலையில் நிஜப் பெண் ஒருத்தி நின்றால் குடத்தோடு இடப்பக்கம் சாய்ந்து விழுவாள்.

நிஜத்தில் நடப்பது வேறு. இடுப்பு குடத்தின் பக்கம் தள்ளிக்கொண்டு போய் அதற்கு ஒரு தட்டாகிறது. எடையைச் சமன்செய்ய மேலுடம்பு எதிர்ப்பக்கம் சாய்கிறது. அதனால் குடம் இல்லாத பக்கத்தில் இடுப்பு மடிகிறது, குடம் இருக்கும் பக்கம் நீள்கிறது. காலியாக இருக்கும் வலது கை சும்மா தொங்காது. உடம்பை விட்டு விலகி வெளியே நீளும். தொண்டைக்குழியின் தூக்குக்கோடு நடுவை விட்டு வலது பாதத்தை நோக்கி நகரும். குடம் இல்லாமல் ஒற்றைக்காலில் எடை போட்டு நிற்கிற ஆளுக்கு அந்தக் கோடு எடை தாங்கும் பாதத்தின்மேலேயே விழும். விறைப்பைக் கண்டுபிடிக்க இந்தத் தூக்குக்கோடும் அந்த இரண்டு கோடுகளும் போதும்.

இதெல்லாம் எனக்கு வகுப்பில் கிடைத்ததல்ல. விகடனில் வந்த சில்பியின் கோயில் சிற்பப் படங்களை வெட்டிவைத்துக் காப்பியடித்ததில் கிடைத்தது. அந்தச் சிலைகளில் தோள் ஒரு பக்கம் சரிந்தால் இடுப்பு அதே பக்கம் ஏறும். அங்கே நடுக்கோடு போட்டால் ஜாடி உடைந்துவிடும்.

அளவையும் பார்த்தேன். படத்துப் பெண் தலையைப் போல எட்டரை மடங்கு உயரம். சாதாரணமாக நம் தெருவில் நடமாடுகிறவர்கள் ஏழு, ஏழரைத் தலைதான். எட்டு என்பது ஓவியப் பாடப் புத்தகங்கள் வைத்திருக்கிற லட்சிய ஆசாமி. உயரத்தைக்கூட மன்னிக்கலாம். கை மணிக்கட்டிலிருந்து நுனிவரை அவளுடைய தாடையிலிருந்து மூக்குவரைதான் வந்தது. கை வராதவர்கள் எல்லோரும் கையைச் சிறியதாக்குகிறார்கள். அதுவும் ஒருவகை முந்தானைதான். "உள்ளங்கையோட அடியைத் தாடையில வை. நடுவிரல் எங்க போகுதுன்னு பாரு" என்றேன். நெற்றியில் முடி தொடங்கும் இடத்துக்குப் போகிறது என்று ஆச்சரியப்பட்டாள். நம் சிற்பிகளின் ‘தாலம்’ என்ற அளவே அதுதான்: முகத்தின் நீளமும் கையின் நீளமும் ஒன்று.

"நான் தினமும் 30 செகண்ட் ஜெஸ்சர் போடறேனே மாமா" என்றாள். அனுப்பச் சொல்லிப் பார்த்தேன். தலையின் வெளிக்கோட்டில் ஆரம்பித்து, கழுத்து, தோள் என்று சுற்றிவந்து, நேரம் முடியும்போது முழங்காலில் நிற்கிறாள். விறைத்த உருவத்தையே வேகமாக வரைந்திருக்கிறாள், அவ்வளவுதான். 1941-ல் வெளிவந்த, ஓவிய ஆசிரியர் நிக்கொலைடிஸின் புத்தகம் ஜெஸ்சரில் மாணவனிடம் கேட்டது உருவம் எப்படித் தெரிகிறது என்பதை அல்ல, அது என்ன செய்கிறது என்பதை. தலையிலிருந்து முதுகு, இடுப்பு வழியாகப் பாதம்வரை ஒரே வளைகோடு; பிறகு தோள், இடுப்புச் சாய்வுகள்; பிறகு குடம். வெளிக்கோடு அப்புறம், நேரம் இருந்தால். அப்படி ஐந்தாறு படம் போட்டுவிட்டு முழுப்படத்துக்கு வரச் சொன்னேன்.

கடைசியில்தான் அவள் கேட்ட கைக்கு வந்தோம். குடத்தின் கழுத்தைச் சுற்றிவந்து முன்பக்கம் பிடிக்கிற கை அது. நமக்குத் தெரிவது புறங்கை. அவள் விரல்களை விரலிடுக்கிலிருந்து தொடங்கியிருந்தாள், அதனால் குட்டையாகிவிட்டன. புறங்கையில் விரல் தொடங்குவது முட்டியில்; அங்கிருந்து நுனிவரை நடுவிரலின் நீளம் மொத்தக் கையில் பாதி. நான்கு முட்டிகளும் ஒரே நேர்கோட்டில் இருக்காது, சுண்டுவிரல் பக்கம் இறங்குகிற வளைவில் இருக்கும். நான்கு விரல்களையும் முதலில் தனித்தனியாகப் போடாமல் ஒரே கட்டையாக மடக்கிக் குடத்தின்மேல் உட்காரவைத்து, பிறகு பிரிக்கவேண்டும். கட்டைவிரல் மணிக்கட்டுக்குப் பக்கத்தில் தன் சொந்த மேட்டிலிருந்து கிளம்புகிறது. அதன் நகம் மற்ற நகங்கள் பார்க்கும் திசையைப் பார்க்காது. எல்லாவற்றையும் அவள் படத்தின்மேல் தனி லேயரில் சிவப்புக் கோட்டில் போட்டுக் காட்டினேன். வேண்டாமென்றால் அணைத்துவிடலாம். மாஸ்டரின் பெருக்கல் குறிக்கு அந்த வசதி இல்லை.

நேற்று இரண்டாவது படம் வந்தது. சிமெட்ரி பொத்தானைத் தொடவில்லையாம். பெண் வலப்பக்கம் சாய்ந்து, முகத்தைச் சுளித்துக்கொண்டு, வலது கையை வீசி நடக்கிறாள். தண்ணீர்த் துளி ஒன்றுகூட வரையவில்லை, குடம் நிறைந்திருப்பது தெரிகிறது. கட்டைவிரல் நகம் மட்டும் இன்னும் தப்பான பக்கம் பார்க்கிறது.