மூன்று யூனிட் லாபம்

மியூச்சுவல் ஃபண்டில் நான் ரெகுலர் பிளானை எடுத்ததற்கு ஒரு காரணம் இருந்தது. விலை குறைவு. இதை வெளியில் சொல்லும் தைரியம் இப்போதுதான் வந்திருக்கிறது.

2019-ல் மாதம் ஐயாயிரம் ரூபாய்க்கு ஒரு எஸ்ஐபி போடலாம் என்று கிளம்பினேன். நான் தேடிய ஃபண்ட் ஒரே பெயரில் இரண்டாக நின்றது, ஒன்று டைரக்ட், இன்னொன்று ரெகுலர். அதே மேனேஜர், அதே பங்குகள். கணக்குக்கு வசதியாக, ரெகுலரில் ஒரு யூனிட் 100 ரூபாய், டைரக்டில் 107 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். என் ஐயாயிரத்துக்கு ரெகுலரில் 50 யூனிட் கிடைக்கும். டைரக்டில் 47-கூடத் தேறாது. மாதம் மூன்று யூனிட் லாபம் என்று மனைவியிடம் சொன்னேன். அவள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. என் லாபங்கள் அவளுக்குப் பழக்கம்தான்.

அந்த ஏழு ரூபாய் எங்கிருந்து வந்தது என்று நான் ஒரு நிமிஷம் யோசித்திருக்கலாம். செபி உத்தரவுப்படி டைரக்ட் பிளான்கள் 2013 ஜனவரி 1-ல் வந்தன. பழைய ஃபண்டுகளில் இரண்டும் ஏறக்குறைய ஒரே விலையில்தான் ஓட ஆரம்பித்தன. அதன்பிறகு ஏஜென்டின் கமிஷன் ரெகுலரிலிருந்து மட்டும் வருஷா வருஷம் போய்க்கொண்டிருந்தது. ஆறு வருஷம் போனதில் அது பின்தங்கி நின்றதுதான் அந்த ஏழு ரூபாய். கமிஷன் தின்ற தடயத்தை நான் தள்ளுபடி என்று நினைத்து வாங்கியிருக்கிறேன்.

யூனிட் எண்ணிக்கைக்கு எந்த அர்த்தமும் கிடையாது என்பதும் பிறகுதான் புரிந்தது. நாளைக்கு அந்தப் பங்குகள் பத்து சதவீதம் ஏறினால் 50 யூனிட்டும் ஏறும், 47 யூனிட்டும் அதே அளவு ஏறும். பணம் இரண்டிலும் ஐயாயிரம்தானே. ஒரே வித்தியாசம், ஒன்றில் கமிஷன் கழியும். நான் எடுத்தது அந்த ஒன்று.

எனக்கு ஃபாரம் நிரப்பிக் கொடுத்தவர் எங்கள் தெரு அண்ணாச்சி. "உங்களுக்கு எவ்வளவு தரணும் அண்ணாச்சி?" என்று கேட்டேன். "ஒத்தப் பைசா வேண்டாம் தம்பி" என்றார். உண்மைதான், அவர் என்னிடம் வாங்கவே இல்லை. தீபாவளிக்கு அரைக் கிலோ அல்வா வேறு கொடுத்துவிட்டுப் போனார். இந்தக் காலத்தில் இப்படி ஒரு மனுஷனா என்று நான் நெகிழ்ந்தேன்.

கமிஷனுக்குப் பில் வராது என்பதுதான் இதில் சூட்சுமம். ஃபண்டின் செலவு விகிதத்துக்குள்ளேயே அது அடங்கிவிடும். வருஷத்துக்கு இத்தனை சதவீதம் என்பதை நாள் கணக்காகப் பிரித்து, தினமும் கழித்துக்கொண்டு, மிச்சத்தைத்தான் அன்றைய என்ஏவி என்று அறிவிப்பார்கள். ஒரு லட்சத்துக்கு ஒரு சதவீதம் என்றால் ஒரு நாளைக்கு மூன்று ரூபாய்கூட இல்லை. சந்தை தினமும் ஆடுகிற ஆட்டத்தில் அந்த மூன்று ரூபாயை யார் பார்ப்பார்கள்? பார்க்கிற ஆளாக இருந்தால் நான் ஏன் இதை எழுதுகிறேன்.

ஆனால் பார்க்க வழி இருக்கிறது. எல்லா ஃபண்டுகளையும் சேர்த்து வரும் சிஏஎஸ் ஸ்டேட்மென்ட்டில், ஆறு மாதத்துக்கு ஒருமுறை, ஏஜென்டுக்குப் போன தொகையை ரூபாயிலேயே போட வேண்டும் என்பது 2016-லிருந்து விதி. எனக்கும் மெயிலில் வந்துகொண்டுதான் இருந்தது. பாஸ்வேர்டு கேட்கிறதே என்று நான் ஒன்றைக்கூடத் திறந்ததில்லை. பாஸ்வேர்டு என் பான் எண்.

ஒருநாள் திறந்தேன். அரை வருஷத்துக்கு இரண்டாயிரத்து ஐந்நூறு ரூபாய்க்குப் பக்கத்தில் இருந்தது. அல்வாவுக்கு யார் காசு கொடுத்தது என்ற கேள்விக்கும் அத்தோடு விடை கிடைத்துவிட்டது.

'சரி, ஒரு சதவீதம்தானே' என்று நானும் சமாதானம் சொல்லிக்கொண்டேன். ஈக்விட்டி ஃபண்டுகளில் இந்த இடைவெளி பொதுவாக அரையிலிருந்து ஒரு சதவீதத்தை ஒட்டி இருக்கும். இண்டெக்ஸ் ஃபண்டில் இன்னும் குறைவு. ஒரு லட்சத்தை ஒரே தடவையாகப் போட்டதாகவும், டைரக்டில் 12, ரெகுலரில் 11 சதவீதம் வளர்ந்ததாகவும் வைத்துக் கணக்குப் போட்டேன். முதல் வருஷம் வித்தியாசம் ஆயிரம் ரூபாய். ஒரு ஹோட்டல் சாப்பாட்டோடு போயிற்று.

பத்தாவது வருஷம் வித்தியாசம் 26,600 ரூபாய். இருபதாவது வருஷம் 1.58 லட்சம், அதாவது நான் போட்ட முதலைவிட அதிகம். முப்பதாவது வருஷம் டைரக்டில் 29.96 லட்சம் இருக்க, ரெகுலரில் 22.89 லட்சம்தான். கிட்டத்தட்ட நாலில் ஒரு பங்கைக் காணோம். போன பணம் மட்டும் போகவில்லை. அந்தப் பணம் உள்ளே இருந்திருந்தால் போட்டிருக்கும் குட்டியும், அந்தக் குட்டியின் குட்டியும் சேர்ந்து போயிருக்கின்றன. கால்குலேட்டர் தப்பு என்று மொபைலை மாற்றிப் போட்டுப் பார்த்தேன். அதிலும் அதே விடை.

உடனே அண்ணாச்சியின் மேல் கோபப்படலாம் என்றால் மனசாட்சி குறுக்கே வந்தது. 2020 மார்ச்சில் சந்தை விழுந்தபோது எல்லாவற்றையும் விற்றுவிடுகிறேன் என்று அவருக்கு ராத்திரி போன் போட்டேன். "தம்பி, போனை வச்சிட்டுப் படுங்க" என்றார். அந்த வருஷ முடிவுக்குள் விழுந்ததெல்லாம் எழுந்துவிட்டது. அந்த ஒரு வாக்கியத்துக்கு அவர் வாங்கிய கமிஷன் தகும் என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். முப்பது வருஷத்துக்குத் தகுமா என்றால், அங்கேதான் இழுக்கிறது.

2025 மார்ச் கடைசி வாரம், வீராவேசமாக மொத்தத்தையும் டைரக்டுக்கு மாற்றினேன். அதே ஃபண்டுதானே, பெயர் மட்டும்தானே மாறுகிறது என்று நினைத்தேன். வருமான வரிச் சட்டத்துக்கு அது விற்பனை. என் நீண்ட கால லாபம் இரண்டரை லட்சம். வருஷத்துக்கு ஒன்றேகால் லட்சம் வரை வரி இல்லை, மிச்சத்துக்குப் பன்னிரண்டரை சதவீதம். செஸ்ஸோடு 16,250 ரூபாய் கட்டினேன். லாபத்தில் பாதியை மார்ச்சிலும், மீதியை ஒரு வாரம் பொறுத்து ஏப்ரலிலும் மாற்றியிருந்தால் அந்த வரியே வந்திருக்காது என்று ஆடிட்டர் சொன்னார். கட்டிய பிறகு சொன்னார்.

ஒரு வருஷம் ஆகாத யூனிட்டுகளையும் சேர்த்து மாற்றியதால் ஒரு சதவீதம் எக்ஸிட் லோடும் போயிற்று. பெரிய தொகை இல்லை, அறுநூறு ரூபாய் சொச்சம். ஏற்கனவே வலிக்கிற இடத்தில் பட்டதால்தான் அது நினைவிருக்கிறது.

அடுத்த மாதமே அமெரிக்கா இறக்குமதி வரி அறிவிக்க, சந்தை சரிந்தது. கூப்பிட ஆள் இல்லை. நானே யோசித்து, நானே முடிவெடுத்து, எஸ்ஐபியை நிறுத்தினேன். மே மாதத்தில் சந்தை மேலே போன பிறகு திரும்பவும் ஆரம்பித்தேன். கமிஷன் இல்லாமல் கிடைத்த என் சொந்த ஆலோசனை அது.

உங்கள் ஸ்டேட்மென்ட்டை இன்றைக்குத் திறந்து பாருங்கள். ஃபண்ட் பெயரோடு `Direct` என்று இருந்தால் சரி. `ARN-` என்று தொடங்கும் எண் இருந்தால் அது ரெகுலர். அந்த எண்ணுக்கு உரியவர் உங்களுக்கு எப்போதாவது போனை வைத்துவிட்டுப் படுக்கச் சொல்லியிருக்கிறாரா என்று மட்டும் யோசியுங்கள். மாற்றுவதானால் இனிமேல் போடுகிற எஸ்ஐபியை முதலில் மாற்றுங்கள், அதற்கு வரி இல்லை. பழைய பணத்தில் கை வைக்கும் முன் ஆடிட்டரைப் பாருங்கள், தயவுசெய்து மார்ச் 31-க்கு முன்னால்.