பால் காய்ச்சிய பிறகு வந்ததெல்லாம் உங்கள் பாடு

மதிப்பிற்குரிய வீட்டு உரிமையாளர்களே,

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளம் பள்ளிக்கரணையில் நம் தரைத்தள வீடுகளுக்குள் இடுப்பளவு நின்றது. தண்ணீர் வடிந்ததும் நீங்கள் என் வீட்டு வாசலில் நின்றீர்கள். "மெயின்டனன்ஸ் கட்டுகிறோமே, எங்கள் மாடுலர் கிச்சனுக்குக் காசு எங்கே?" என்று கேட்டபடி அழைப்புமணியை அழுத்தி அழுத்தியே உடைத்தீர்கள். அந்த மணிக்கும் அசோசியேஷன் காப்பீடு கிடையாது. அது என் சொந்தச் சாமான்.

அசோசியேஷன் பெயரில் இருப்பது கட்டடத்துக்கான பாலிசி. அஸ்திவாரம், தூண், சுவர், தரை, மதில் எல்லாம் அதில் உண்டு; லிஃப்ட், மோட்டார், ஜெனரேட்டர் ஆகியவற்றையும் எழுதிச் சேர்த்திருக்கிறோம். பில்டர் சாவி கொடுத்த அன்று வீட்டில் இருந்தது ஏறக்குறைய அதில் அடங்கும். நீங்கள் பால் காய்ச்சிய பிறகு வந்தது அடங்காது.

தரைத்தளத்து நண்பர் ஒருவரின் கணக்கைப் பாருங்கள். சர்வேயர் வந்தார். உப்பிப்போன சுவர்ப் பூச்சையும் பெயர்ந்த டைல்ஸையும் குறித்துக்கொண்டார். அதற்கு 45,000 ரூபாய் வந்தது. அடுத்து 3,50,000 ரூபாய் கிச்சன், 2,00,000 ரூபாய் அலமாரிகள், 90,000 ரூபாய்க்கு ஃப்ரிட்ஜும் வாஷிங் மெஷினும். சர்வேயர் பேனாவை மூடிவிட்டார். ஆக 6,40,000 ரூபாய் குப்பை லாரியில் ஏறியது. அதே வெள்ளத்தில் மூழ்கிய அவர் காருக்கு மட்டும் பணம் வந்தது, ஏனென்றால் காருக்குத் தனி பாலிசி எடுத்திருந்தார். கார் தூங்கும் இடத்தைவிடத் தான் தூங்கும் அறை மலிவு என்று நினைத்தாரோ என்னவோ!

இதை நான் சொல்லாமல் இருந்தேனா? பொதுக்குழுவில் வாயைத் திறந்தேன். வாட்ச்மேனின் தேநீர்ச் செலவை மாதம் 200 ரூபாய் குறைப்பது பற்றி நீங்கள் ஒன்றரை மணி நேரம் முழங்கியதில் காப்பீட்டுக்கு நேரமில்லாமல் போயிற்று.

இப்போதாவது கேளுங்கள். 2021 ஏப்ரல் முதல் 'பாரத் கிருஹ ரக்ஷா' என்ற பொதுவான வீட்டு பாலிசி நடப்பில் இருக்கிறது. கட்டடத்தை விட்டுவிட்டு உள்ளிருக்கும் சாமான்களுக்கு மட்டும் அதை எடுக்கலாம். வாடகைக்கு இருப்பவரும் எடுக்கலாம். நீங்கள் செய்த மரவேலையைத் தனியாகக் குறிப்பிட்டு, பாலிசியில் எழுத்தில் வரச் செய்யுங்கள். நகைக்கு மதிப்புச் சொல்லித் தனியாகச் சேர்க்க வேண்டும். குழாய் வெடித்து வீடு நனைந்தால் பணம் உண்டு. ஆறு மாதமாகச் சுவரில் ஈரம் ஊறுவதை வேடிக்கை பார்த்திருந்தால் கிடையாது. பில்லையும் போட்டோவையும் வீட்டுக்கு வெளியே ஒரு பிரதி வையுங்கள். நம் நண்பரிடம் கிரகப்பிரவேச செல்ஃபி 400 இருந்தது, கிச்சனுக்கு ஒரு பில்கூட இல்லை.

கடைசியாக ஒன்று. அடுத்த மழைக்கும் நீங்கள் என் வாசலுக்குத்தான் வருவீர்கள் என்று தெரியும். வாருங்கள். என் பாலிசியில் வெள்ளத்தோடு, பிறர் வேண்டுமென்றே செய்யும் சேதமும் உண்டு. புது அழைப்புமணிக்குப் பில்லும் வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்